மகன் ஐசியூவில், நேர்காணல் தேதியோ தூரத்தில்: அமெரிக்க விசாவுக்கு அவசரக் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையன் டல்லாஸில் ஐசியூவில் கிடக்கிறான். சென்னையில் விசா இன்டர்வியூவுக்கு மாசக்கணக்கில் தள்ளித்தான் தேதி காட்டுகிறது. கடிதம் எழுதிக் கேட்டால் சீக்கிரம் கிடைக்குமா?

கேட்க வழி இருக்கிறது. அமெரிக்கத் தூதரகங்கள் அவசர நேர்காணல் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள் அங்கே உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஆனால் உங்கள் கடிதம் நேர்காணல் தேதியை மட்டும்தான் முன்னுக்கு இழுக்கும். விசா தருவதா வேண்டாமா என்பதை நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வழக்கமான சட்டப்படிதான் முடிவு செய்வார். இங்கே பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடிதத்திலேயே நிலப் பத்திரம், வங்கி இருப்பு எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். வேண்டுகோளைப் படிப்பவர் தேடுவது மூன்றே விஷயம்: யாருக்கு என்ன ஆபத்து, அவர் உங்களுக்கு என்ன உறவு, இதை யாரிடம் கேட்டு உறுதி செய்யலாம். சொத்து விவரமெல்லாம் நேர்காணலுக்கு.

கடிதத்தை எங்கே அனுப்ப வேண்டும்? சென்னைக்கு நேரில் போய்க் கொடுத்தால் மனசு இறங்க மாட்டார்களா?

நேரில் போய்ப் பயனில்லை. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தின் வாசலில் யாரும் கடிதம் வாங்க மாட்டார்கள், பாதுகாவலரோடு பேசிவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். எல்லாம் இணையத்தில்தான். அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது.

முதலில் ஆளுக்கொரு DS-160, அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். அப்பா அம்மா இரண்டு பேரும் போவதென்றால் இரண்டு படிவம். அடுத்தது கட்டணம், வருகை விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர். மூன்றாவதாக usvisascheduling.com தளத்தில் கிடைக்கிற தேதிகளில் மிக முந்தினது எதுவோ அதை எடுத்துப் போட வேண்டும், அது எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. இந்த மூன்றாவது படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “ஆறு மாசம் கழித்து வரும் தேதி எனக்கு எதற்கு?” என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரணத் தேதி ஒன்று கையில் இல்லாவிட்டால் அவசர வேண்டுகோள் வைக்கவே முடியாது.

அப்புறம்தான் அதே தளத்தில் உங்கள் கணக்கில் அவசர வேண்டுகோள் படிவம். காரணம் எழுதும் இடம் சிறியதுதான், அதனால் விஷயத்தைச் சுருக்கமாக அங்கே எழுதிவிட்டு, முழுக் கடிதத்தையும் மருத்துவமனைக் கடிதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பதில் மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். கணக்கைத் தொடங்கும்போது கம்ப்யூட்டர் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, அவர் கடையை மூடிய பிறகு பதில் வந்து கிடந்த கதைகள் இந்தப் பக்கத்தில் உண்டு. உங்கள் வீட்டிலேயே யாராவது பார்க்கிற முகவரியைக் கொடுங்கள்.

பதில் வரும் வரை பழைய தேதியை ரத்து செய்யக் கூடாது. அவசரத் தேதி மறுக்கப்பட்டால் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் ‘நோயாளி விவரத்தை வெளியே சொல்ல மாட்டோம்’ என்கிறார்கள். கடிதம் எப்படி வாங்குவது?

எல்லாமே இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதுவது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது உங்கள் சொல் மட்டும்தான். மருத்துவமனைக் கடிதம் இருந்தால்தான் உங்கள் சொல்லுக்கு ஆதாரம் கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஹிப்பா என்ற சட்டம் இருக்கிறது. நோயாளியின் அனுமதி இல்லாமல் அவர் உடல்நிலையை மருத்துவமனை வெளியாருக்குச் சொல்லக் கூடாது. இங்கிருந்து போன் போட்டு “நான் அவனுடைய அப்பா” என்று அழுதாலும், அது நிஜமா என்று அவர்களால் பார்க்க முடியாது. அதனால் மறுக்கிறார்கள். கல்மனசு என்று நினைக்க வேண்டாம். நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரே கையெழுத்துப் போடலாம். நினைவில்லை என்றால் பெரும்பாலும் அவருடைய மனைவியோ கணவனோதான் அவர் சார்பில் பேசுகிறவர். ஆகவே கடிதத்தைக் கேட்க வேண்டியது அங்கே இருக்கும் மருமகள், இங்கே இருக்கும் நீங்கள் அல்ல. பையன் கல்யாணம் ஆகாதவன் என்றால் அவன் முன்பே எழுதிக் கொடுத்திருக்கும் ஆள் யாராவது உண்டா, அல்லது பெற்றோர் என்ற முறையில் உங்கள் அடையாளத்தை எப்படி அனுப்பலாம் என்று மருத்துவமனையையே கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். வார்டுக்கு வரும் டாக்டரை வழிமறித்துக் கேட்டால் “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். ஐசியூவில் இருக்கும் நர்ஸிடம் “சோஷியல் வொர்க்கரையோ கேஸ் மேனேஜரையோ பார்க்க வேண்டும், விசாவுக்குக் கடிதம் வேண்டும்” என்று சொன்னால் போதும். இந்த மாதிரிக் கடிதம் எழுதுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, வெளிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்பதுதான். அவர்கள் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருவார்கள். சனி ஞாயிறு அவர்களில் பலர் இருக்க மாட்டார்கள், அதனால் வெள்ளிக்கிழமை கிடைக்கிற மாதிரிப் பாருங்கள். டல்லாஸில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, அங்கே குளிர்காலம் என்றால் 8.30. இரவு சாப்பாட்டு நேரத்தில்தான் உங்கள் வேலை தொடங்கும்.

கடிதம் மருத்துவமனையின் தலைப்புத் தாளில், தேதி போட்டு, டாக்டரின் பெயர், கையெழுத்து, தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். நோயாளியின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும். எப்போது அனுமதிக்கப்பட்டார், என்ன நோய் அல்லது காயம், நிலை எவ்வளவு கவலைக்கிடம் என்று இரண்டு மூன்று வாக்கியம் போதும், மருத்துவக் குறிப்பு முழுவதும் தேவையில்லை. அப்புறம் வருகிறவர்களின் பெயர், உறவு, அவர்கள் வருவது ஏன் இப்போது தேவை என்ற ஒரு வாக்கியம்.

அந்தக் கடைசி வாக்கியம் பல கடிதங்களில் விடுபட்டுப் போகிறது. “நோயாளி எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார்” என்று மட்டும் வந்தால் அது பயன்படாது. சிகிச்சை பெறுகிறவர் நாளையே வீட்டுக்குப் போகிறவராகவும் இருக்கலாம் இல்லையா? உயிருக்கு ஆபத்து என்பதும், குடும்பத்தார் உடனே வர வேண்டும் என்பதும் டாக்டரின் வாயால் வந்தாக வேண்டும். உண்மை நிலை அதுவாக இருந்தால் எழுதிக் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை.

எங்கள் கடிதத்தில் என்னதான் எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு வயதான தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஒரே மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருக்கிறான். மருமகளும் மூன்று வயதுக் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள். இந்த நிலையில் வீட்டில் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் ஏழை விவசாயக் குடும்பம், எங்கள் மகனை எவ்வளவோ கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தோம்…” அந்தத் தகப்பன் எழுதுவது அத்தனையும் உண்மை. ஆனால் படிக்கிறவருக்கு நாலாவது பத்தி வரை என்ன ஆபத்து என்றே தெரியாது.

தமிழில் முதலில் எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் மாற்றுவதுதான் நல்லது, வீட்டில் எல்லோரும் படித்துத் தேதியும் பெயரும் சரிபார்க்கலாம். அனுப்புவது ஆங்கிலத்தில்தான். இந்தக் குடும்பத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: அவசர நேர்காணல் வேண்டுகோள். மகன் டல்லாஸில் தீவிர சிகிச்சைப் பிரிவில், உயிருக்கு ஆபத்தான நிலை.
>
> எங்கள் மகன் (பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர், பிறந்த தேதி) இம்மாதம் 9ஆம் தேதி சாலை விபத்தில் தலையில் பலத்த காயம் அடைந்து, டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் (மருத்துவமனையின் பெயர்) தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் 12ஆம் தேதிக் கடிதம் இணைப்பில் உள்ளது. அவருடைய தொலைபேசி எண்: (எண்).
>
> நான் அவருடைய தந்தை. என்னுடன் பயணம் செய்பவர் அவருடைய தாய். மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் உள்ளன. நகல் இணைப்பில்.
>
> சிகிச்சை பற்றி முடிவெடுக்கவும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் மருமகள் ஒருவரே இருக்கிறார். இந்த நாட்களில் நாங்கள் உடனிருக்க வேண்டும் என்று மருத்துவர் தம் கடிதத்தில் கூறியிருக்கிறார்.
>
> எங்கள் நேர்காணல் இப்போது (தேதி) என்று பதிவாகியுள்ளது. DS-160 எண்கள்: (இரண்டும்). எந்த நாள் கொடுத்தாலும் சென்னைக்கு வரத் தயாராக இருக்கிறோம். எட்டு வாரம் தங்கித் திரும்புவதாகத் திட்டம்.

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் பத்தியிலேயே ஆபத்து, இடம், யாரைக் கேட்கலாம் என்ற மூன்றும் வந்துவிட்டன. “தயவுசெய்து”, “தங்கள் காலில் விழுகிறோம்” போன்றவை இல்லை. அவை இருந்தால் தப்பு என்று சொல்லவில்லை, அந்த இடத்தைத் தேதிகளுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

படிவத்தில் இருக்கும் சிறு கட்டத்துக்கு இதன் முதல் பத்தியும் உறவு சொல்லும் வாக்கியமும் போதும்.

தங்கும் காலத்தை எழுதும்போது யோசித்து எழுதுங்கள். “மகன் குணமாகும் வரை” என்று எழுதத்தான் எந்தப் பெற்றோருக்கும் கை போகும். வருகை விசா என்பது ஒரு காலத்துக்குள் திரும்புகிறவர்களுக்கானது, எல்லை இல்லாத தங்கலாக அது படிக்கப்படும். டாக்டரிடம் கேட்டு ஒரு நியாயமான காலத்தைச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு உண்மையிலேயே கூடுதல் நாள் தேவைப்பட்டால் நீட்டிப்புக் கேட்க வேறு படிவம் இருக்கிறது.

விமான டிக்கெட்டை இப்போதே வாங்கி இணைக்க வேண்டாம். விசா கைக்கு வரும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள் என்று தூதரகமே சொல்கிறது. டிக்கெட் எடுத்தாச்சு என்பது அவசரத்துக்குச் சான்றும் ஆகாது.

அவன் பேரும் எங்க பேரும் ஒத்தே வரவில்லை. பையனுக்கு அப்பா பேர் சர்நேமாக இருக்கிறது, அப்பாவுக்கு சர்நேமே இல்லை, அம்மாவுக்கு வீட்டுப் பேர். எப்படி உறவைக் காட்டுவது?

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இது பல வீட்டில் இருக்கும் சிக்கல். இனிஷியலாக இருந்த அப்பா பெயரைப் பாஸ்போர்ட் எடுக்கும்போது விரித்துச் சர்நேம் ஆக்கிவிடுகிறோம். ரேஷன் கார்டில் மலையாளத்தில் வேறு எழுத்து, எஸ்எஸ்எல்சி புக்கில் இனிஷியல் மட்டும். அமெரிக்கர் கண்ணுக்கு மூன்று பேரும் மூன்று குடும்பம்.

கையில் இருக்கும் ஆதாரத்தில் மிக வேகமானது மகனின் இந்தியப் பாஸ்போர்ட்டுதான். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர், தாய் பெயர் இரண்டும் அச்சாகியிருக்கும். மருமகளிடம் சொல்லி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பெயர்கள் உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் உறவு முடிந்தது, வேறு ஓட வேண்டாம். மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் அந்தப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்காது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டின் நகலைத் தேடுங்கள், அல்லது பிறப்புச் சான்றிதழ்.

எழுத்து மாறியிருந்தால் கடிதத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள்: “எங்கள் வழக்கப்படி குடும்பப் பெயர் கிடையாது, மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் இயற்பெயர்.” இதைப் படித்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். கூடுதலாக வில்லேஜ் ஆபீஸில் இரண்டு சான்றிதழ் கிடைக்கும், உறவுச் சான்றிதழ் ஒன்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழ் இன்னொன்று. அக்ஷயா மையத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக் கடிதத்தின் நகலோடு வில்லேஜ் ஆபீசரை நேரில் பாருங்கள், விஷயம் புரிந்தால் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார்கள். சித்தூர் போலத் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழை ஆங்கிலத்தில் கேளுங்கள், மலையாளத்தில் வந்தால் மொழிபெயர்ப்பு வேறு வைக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் சான்றிதழ்களுக்காக வேண்டுகோளைத் தள்ளிப் போடாதீர்கள், நேர்காணலுக்குள் வந்தால் போதும்.

DS-160 நிரப்பும்போதும் இதே தொல்லை வரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் உங்கள் பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டு, கிவன் நேம் கட்டத்தில் FNU என்று போட வேண்டும், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசாவிலும் அப்படித்தான் அச்சாகும், பயப்பட வேண்டாம்.

படுத்திருப்பது என் தாய்மாமன். என்னை வளர்த்ததே அவர்தான். எனக்குக் கிடைக்குமா?

கடினம். நெருங்கிய குடும்பம் என்று அவர்கள் எண்ணுவது பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன் மனைவி. தாய்மாமன், பெரியப்பா, தாத்தா பாட்டி அந்த வட்டத்துக்குள் வழக்கமாக வருவதில்லை. சின்ன வயதிலேயே அப்பா தவறி, மாமாதான் காப்பாளராகப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறார் என்றால் அந்தப் பதிவின் நகலோடு கேட்டுப் பாருங்கள். அது இல்லாமல் “அப்பா மாதிரி” என்று மட்டும் எழுதினால் நம்பிக்கை வைக்க முடியாது. உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவர் நோயாளிக்குக் கூடப் பிறந்தவர் ஆயிற்றே, அவர் பெயரில் வேண்டுகோள் வைப்பதுதான் வலுவானது.

மகளுக்குப் பிரசவம், கூட இருக்க யாருமில்லை. இதையும் அவசரம் என்று போடலாமா?

கூடாது. கர்ப்பிணிக்கு உதவப் போவது, கல்யாணம், பட்டமளிப்பு விழா ஆகியவை அவசரத்தில் சேராது என்று தூதரகம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பிரசவத்தில் சிக்கலாகித் தாயின் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்போது அது வேறு விஷயம், மருத்துவ அவசரமாகவே கேட்கலாம். மூன்று மாதம் முன்பே நாள் குறித்த அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் நிற்காது, தெரிந்த தேதிக்கு முன்பே விண்ணப்பித்திருக்கலாமே என்றுதான் பார்ப்பார்கள்.

ஏஜென்ட் ஒருவர் ‘நானே டாக்டர் லெட்டர் ரெடி பண்ணித் தருகிறேன், எமர்ஜென்சி ஸ்லாட் நிச்சயம்’ என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குத் தூதரகம் போன் போட்டுக் கேட்க முடியும். பொய்க் கடிதம் என்று தெரிந்தால் இந்த விசா போவதோடு நிற்காது. பொய் ஆவணம் கொடுத்தவர் என்று முடிவானால் அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுக்க நுழைவுத் தடை வரலாம். மகன் உண்மையிலேயே ஐசியூவில் இருக்க, நல்ல கடிதம் இரண்டு நாளில் வரப்போகிற நேரத்தில், அவசரப்பட்டு போலிக் கடிதம் வைத்து அந்தப் பெற்றோர் அவனைப் பார்க்கவே முடியாமல் போவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. படிவம் நிரப்ப, டைப் அடிக்க யாருக்கு வேண்டுமானாலும் காசு கொடுங்கள். ஆவணத்தை மருத்துவமனையிலிருந்து மட்டும் வாங்குங்கள்.

அவசரத் தேதி கொடுத்துவிட்டார்கள். இனி விசா நிச்சயம்தானே?

நிச்சயம் இல்லை. மின்னஞ்சல் வந்ததும் அதே கணக்கில் நுழைந்து திறந்து கிடக்கும் தேதியை நீங்களே எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். சென்னையில் இரண்டு இடம் போக வேண்டும்: விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும், அப்புறம் துணைத் தூதரகத்தில் நேர்காணல். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் சென்னை, ஆனால் அந்த அவசரத்தில் தட்கல் கிடைக்காமலும் போகும், கோயம்புத்தூர் வழியாகப் பஸ்ஸையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் அதிகாரியின் மனதில் இருக்கும் கேள்வி: இவர்கள் திரும்பி வருவார்களா? அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(b) பிரிவு, வருகை விசா கேட்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. மகன் படுத்த படுக்கையாக இருப்பது ஒரு பக்கம் அவசரத்தைக் காட்டுகிறது, இன்னொரு பக்கம் “இவர்கள் அவனை விட்டு வர மாட்டார்கள்” என்ற சந்தேகத்தையும் கிளப்புகிறது. ஆகவே அந்தக் கொழிஞ்சாம்பாறைத் தம்பதி கொண்டு போக வேண்டியது தோப்பின் வரி ரசீது, பென்ஷன் இருந்தால் அதன் புத்தகம், இங்கே இருக்கும் மகள், பேரப் பிள்ளைகள் விவரம். சிகிச்சைச் செலவுக்கு மகனின் இன்சூரன்ஸ், பயணச் செலவுக்கு யார் என்பதையும் ஒரே மாதிரி இருவரும் சொல்ல வேண்டும். அதிகாரி காகிதத்தைக் கேட்காமலே போகலாம், வாயால் கேட்பதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும். தமிழில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரியாத ஆங்கிலத்தில் தலையாட்டுவதுதான் ஆபத்து.

பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொண்டால் நல்ல அறிகுறி. அதைத் திரும்பப் பெறும் இடமாகச் சென்னையையே தேர்ந்தெடுத்திருந்தால், ஊருக்குத் திரும்பாமல் அங்கிருந்தே விமானம் ஏறலாம். நேர்காணலுக்கு வரும்போதே பெட்டியோடு வந்து உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் உண்டு, நல்ல யோசனைதான்.

வேண்டுகோளை மறுத்துவிட்டார்கள். மறுபடி அனுப்பலாமா?

அதே கடிதத்தை மறுபடி அனுப்புவதில் பலன் இல்லை, இன்னொரு வாய்ப்பு கிடைக்கும் என்று எண்ணி முதல் முறை அரைகுறையாக அனுப்பவும் கூடாது. டாக்டர் கடிதம் நாளை வரும் என்றால் நாளை அனுப்புங்கள், இன்றைக்கே வெறும் கடிதத்தை அனுப்பாதீர்கள். மறுத்த பிறகு நிலைமை மாறியிருந்தால், புதுத் தேதியிட்ட புது மருத்துவக் கடிதத்தோடு தளத்தின் உதவி மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். கூடவே தினமும் தேதிப் பட்டியலைப் பாருங்கள், யாராவது ரத்து செய்யும் இடம் திடீரென்று திறக்கும். ஆனால் தேதியை மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது, நாலு நாள் முன்னால் கிடைத்ததற்காக மாற்றி வீணாக்காதீர்கள்.

காத்திருக்கும்போதே அவன் போய்விட்டால்?

இதைக் கேட்கும் யாருக்கும் பதில் எழுதக் கை வராது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். இறுதிச் சடங்குக்குப் போவதும் அவசரமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்போது மருத்துவமனைக் கடிதத்துக்குப் பதில் அங்குள்ள இறுதிச் சடங்கு நிலையத்தின் கடிதம் வேண்டும். அதில் இறந்தவர் பெயர், சடங்கு நடக்கும் தேதி, நிலையத்தின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். உறவுச் சான்று முன்பு வைத்ததே போதும். நேர்காணல் ஏற்கெனவே கிடைத்திருந்தால் நடந்ததை அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்கப் போவதாகத் தொடர்ந்து சொல்வது பொய்யாகிவிடும். உடலை ஊருக்குக் கொண்டுவருவதுதான் குடும்பத்தின் முடிவு என்றால், அந்தப் பகுதிக்கு உரிய இந்தியத் துணைத் தூதரகத்தை மருமகள் அழைக்கட்டும், டெக்சாஸுக்கு அது ஹூஸ்டனில் இருக்கிறது.

அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. முதலில் அதை எப்படிச் சீக்கிரம் வாங்குவது?

தட்கலில் விண்ணப்பியுங்கள், சாதாரணக் கட்டணத்துக்கு மேல் 2,000 ரூபாய். மருத்துவமனைக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட் எண் இல்லாமல் DS-160 முடியாது, ஆனால் அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தால் அவருக்காவது உடனே தொடங்கிவிடலாம். இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று அம்மாவின் நாட்களையும் இழக்க வேண்டாம்.

நாங்கள் நகரி பக்கம், ஆந்திரா. எங்களுக்கு ஹைதராபாத்தா சென்னையா?

ஆந்திரா ஹைதராபாத் துணைத் தூதரகத்தின் எல்லையில் வருகிறது, கேரளா சென்னையில் வருகிறது. ஆனால் வருகை விசாவுக்கு இந்தியாவில் எங்கு தேதி கிடைத்தாலும் எடுக்கலாம். நகரி, புத்தூர், ஆந்திரச் சித்தூர்க்காரர்களுக்குச் சென்னை பக்கம், அதையே எடுங்கள்.

உறவினர் இருப்பது லண்டனில். அங்கேயும் இப்படித்தான் கடிதம் எழுத வேண்டுமா?

பிரிட்டனில் வழி வேறு. கூடுதல் கட்டணம் கட்டினால் முன்னுரிமைச் சேவை கிடைக்கும்: 500 பவுண்டுக்கு 5 வேலை நாளில் முடிவு, 1,000 பவுண்டுக்கு அடுத்த வேலை நாளுக்குள். அந்தச் சேவை உங்கள் மையத்தில் அன்றைக்கு இருக்கிறதா என்று விண்ணப்பத்தின்போதே பாருங்கள். வேகத்துக்குக் கெஞ்ச வேண்டியதில்லை, ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்று காட்ட மருத்துவமனைக் கடிதம் அங்கேயும் வேண்டும். மேலே சொன்ன மாதிரியே, டாக்டர் பெயரும் தொலைபேசி எண்ணும் தேதியும் உள்ளதாக வாங்கி, விண்ணப்பத்தோடு ஏற்றிவிடுங்கள்.